நிச்சயத்துக்கு முந்தைய அந்தச் சில வாரங்கள்

பெண் பார்த்து முடிந்து, இரு வீட்டாருக்கும் ஏறக்குறையப் பிடித்துப்போன பிறகு, "ரெண்டு பேரும் போன்ல பேசிப் பாருங்க" என்று பெரியவர்களே எண்களை மாற்றிக்கொடுப்பது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் கிடைக்கும் இந்தச் சில வாரங்கள், நம் அம்மாக்களின் காலத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காதவை. ஆனால் அந்த வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. சம்பளம், தனிக்குடித்தனம், வெளிநாட்டு வேலை, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவது என்று பேச்சு ஓடுகிறது. இவையெல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்தக் கேள்விகள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், நல்ல பதில்களை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளவும் முடியும். கேட்டது கிடைக்காதபோது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அப்படித் தயார் செய்துகொள்வது கடினம். அந்த வாரங்களில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் உறவு வட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெண் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். மாப்பிள்ளைப் பையன் பெங்களூரில் மென்பொருள் துறையில் இருந்தார். முதல் வாரம் எல்லாம் இனிமையாகவே போனது. காலையில் ஒரு வணக்கம், மதியம் சாப்பிட்டாயா என்று ஒரு விசாரிப்பு, இரவு ஒரு மணி நேரப் பேச்சு. தன்னை ஒருவர் இவ்வளவு நினைக்கிறாரே என்று அவளுக்கும் மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சியில் தவறு எதுவும் இல்லை.

மாதக் கடைசி வந்தது. கணக்கு முடிக்கும் நாளில் அவளால் போனை எடுக்க முடியவில்லை. "வேலை இருக்கு, ராத்திரி கூப்பிடறேன்" என்று செய்தி அனுப்பியும் அழைப்புகள் தொடர்ந்து வந்தன. இரவு அவள் கூப்பிட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்பவே எனக்கு நேரம் இல்லன்னா கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி?" என்பது. அவள் மன்னிப்புக் கேட்டாள். மறுநாளிலிருந்து அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி, கிளம்பும்போது ஒரு செய்தி என்பது ஏற்பாடாகிவிட்டது. அடுத்த வாரம், செய்தி அனுப்ப மறந்துபோகிறாயே, வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிர்ந்துவிடு, எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டால் நானும் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்றார். அவள் முதல்முறையாக, "அது வேண்டாங்க, எனக்குச் சரியாப் படல" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் வரிசையாகப் பார்க்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. "சரி" என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டு, இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் அவருடைய அம்மா, பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, "பையன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல, உங்க பொண்ணு ஏதோ பேசிட்டாளாம்" என்றார். அன்று மாலை அவளைக் கண்டித்தது அவளுடைய சொந்த வீடு. "உன் நல்லதுக்குத்தானே கேட்கிறார், உரிமையோடு கேட்கிறார், அதைப் போய்ப் பெரிசு பண்ணலாமா" என்று அம்மாவும் பெரியம்மாவும் மாறி மாறிச் சொன்னார்கள். அவள் இருப்பிடத்தைப் பகிர்ந்தாள். அடுத்த நிமிடமே அவரிடமிருந்து பழைய இனிமையோடு அழைப்பு வந்தது.

இந்த இனிமைதான் பலரையும் குழப்பிவிடுகிறது. மனிதர் நல்லவர்தான், நாம்தான் வீணாக முறுக்கிக்கொண்டோம் என்று தோன்றிவிடும். ஆனால் அந்த அன்பு எப்போது விலகியது, எப்போது திரும்பி வந்தது என்று பாருங்கள். அவள் மறுத்தபோது விலகியது; பணிந்தபோது வந்தது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் போதும். மறுத்தால் என்ன நடக்கும் என்பது மனதில் பதிந்துவிடும். பிறகு யாரும் அதட்ட வேண்டியதே இல்லை, அவளே தன்னைக் குறைத்துக்கொண்டு போவாள். எவான் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட நூலில் இதைக் கட்டாயக் கட்டுப்பாடு என்ற பொருளில் விரிவாக எழுதினார். அடியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த வன்முறையின் பெரும்பகுதி கண்ணில் படாது என்பது அவருடைய வாதம். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதைத் தனிக் குற்றமாகவே சேர்த்தன.

ஆகவே, பேசத் தொடங்கிய முதல் வாரங்களிலேயே சிறிய விஷயம் ஒன்றுக்கு மறுப்புச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பேன். இதற்காகப் பொய்க் காரணம் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. உங்களுக்கு உண்மையிலேயே வசதிப்படாத ஒன்று அந்த வாரங்களில் எப்படியும் வரும். இன்று பத்து மணிக்கு மேல் பேச முடியாது, அந்தப் புகைப்படம் அனுப்ப விருப்பமில்லை, தனியாக வெளியே சந்திக்க இப்போது வேண்டாம் என்று ஏதாவது ஒன்று. நம் பெண்கள் பலர் வழக்கமாக இந்த இடத்தில் "அப்பா திட்டுவார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். அப்போது நமக்குத் தெரிய வருவது, உங்கள் அப்பாவின் பேச்சை அவர் மதிக்கிறாரா என்பது மட்டுமே. "எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னால்தான் உங்கள் விருப்பத்துக்கு அவரிடம் என்ன மதிப்பு இருக்கிறது என்பது தெரியும்.

மறுத்த பிறகு அவருக்கு ஏமாற்றம் இருக்கலாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லலாம். ஏன் என்று ஒருமுறை கேட்கவும் செய்யலாம். அதோடு விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போனால் அது இயல்பான மனிதரின் குணம். அதே கோரிக்கை மறுநாள் வேறு வேடத்தில் வருகிறதா, விஷயத்தை விட்டுவிட்டு உங்கள் குணத்தைக் குறை சொல்லும் பேச்சு தொடங்குகிறதா, உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருந்த பேச்சு அவர் அம்மா வழியாக உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறதா என்பவைதான் கவலைப்பட வேண்டியவை. இந்தக் கடைசி வழி நம் குடும்ப அமைப்பில் மிக எளிதாகக் கிடைப்பது. வற்புறுத்துபவர் நல்லவராகவே இருப்பார். வற்புறுத்தும் வேலையை அவருக்காக உங்கள் வீட்டார் செய்துகொண்டிருப்பார்கள்.

ஒரு முறை நடந்ததை வைத்து யாரையும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களோடு பேசிப் பழக்கமில்லாத பையன்கள் பதற்றத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதும், பதில் வராவிட்டால் தவித்துப்போவதும் உண்டு. "வேலை நேரத்துல இப்படிக் கூப்பிட்டா கஷ்டமா இருக்கு" என்று சொன்னதும் அத்தகையவர் திருத்திக்கொள்வார். அந்த மாற்றம் அடுத்த வாரமும் நிற்கும். கட்டுப்படுத்துபவரும் மன்னிப்புக் கேட்பார். ஆனால் பழக்கம் மாறாது. பையன்களுக்கும் இதே தொல்லை பெண் தரப்பிலிருந்து வருவதுண்டு. அதற்கும் இதே அளவுகோல்தான்.

மரியாதைக் குறைவு பெரும்பாலும் நேரடியாக உங்களிடம் தொடங்காது. அந்தப் பையன் முதலில் தன் அண்ணியைப் பற்றி ஏளனமாகப் பேசினார். பிறகு பெண்ணின் அப்பாவுடைய பழைய ஸ்கூட்டரைப் பற்றிக் கேலி பேசினார். அவள் முகம் வாடியபோது, "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், உனக்கு எதுவுமே தாங்காதா" என்றார். "டி" போட்டுப் பேச வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்ட பிறகு, அதையே சிரித்துக்கொண்டு கூடுதலாகச் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயமாகப் பட்டது. அவளுக்கு அது வலிக்கிறது என்று தெரிந்த பிறகும் தொடர்ந்தார் என்றால், அங்கே அறியாமை என்ற சமாதானத்துக்கு இடமில்லை.

அவசரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "இந்த ஆனி முகூர்த்தத்தை விட்டா ஆடி வந்துடும், மண்டபம் கிடைக்காது" என்பது பல நேரங்களில் உண்மையான நெருக்கடிதான். உண்மையா, நெருக்கிப் பிடிக்கும் உத்தியா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி, இன்னும் மூன்று வாரம் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கேட்பது. உண்மையான நெருக்கடி உள்ளவர்கள் ஆவணி, ஐப்பசி என்று அடுத்த முகூர்த்தங்களைப் பார்ப்பார்கள். மற்றவர்கள், "எங்க மேல நம்பிக்கை இல்லையா" என்பார்கள்.

வீட்டில் இதைச் சொல்லும் விதமும் முக்கியம். "அவர் என்னைக் கட்டுப்படுத்துகிறார்" என்றால் நம் பெரியவர்களுக்கு அது அக்கறை என்றுதான் கேட்கும். அந்தப் பெண் கடைசியில் செய்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்து, வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி வாரியாக வாசித்துக்காட்டினாள். தான் மறுத்தது எந்த நாள், அவர் பேசாமல் இருந்தது எந்த நாட்கள், அவருடைய அம்மா கூப்பிட்டது எந்த நாள் என்று வரிசையாகக் கேட்டதும், அதுவரை ஒன்றும் பேசாமலிருந்த மனிதர் தரகரைக் கூப்பிட்டு, இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கவில்லை, பத்திரிகை அடிக்கவில்லை. இதனால்தான் இந்த வாரங்கள் முடியும் முன்பே மண்டபம் பிடிக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். கொடுத்த முன்பணம், பிறகு மகளின் தயக்கத்துக்கு எதிரான வாதமாக மாறிவிடும்.

சட்டத்தின் நிலையையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் செய்யப்படும் கொடுமைகளையும் வன்முறையாகவே கொள்கிறது. ஆனால் அது ஒரே வீட்டில் சேர்ந்து வாழும், அல்லது வாழ்ந்த உறவுகளுக்கானது. போனில் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது. இந்தக் கட்டத்தில் உதவக்கூடியது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பிறகும் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் அது பின்தொடரும் குற்றம். முதல்முறைக்கே மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தத் தெளிவு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் முக்கியம். ஜாதகம் சரியில்லை, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சுற்றிவளைத்தால், எதிர்த் தரப்புக்குப் பேசிச் சரிகட்டலாம் என்ற நம்பிக்கை மிஞ்சும்.

அந்தப் பையன் பிறகு வேறு வேறு எண்களிலிருந்து கூப்பிட்டார். அவள், "எனக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை. இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பி, அதைப் படமெடுத்து அப்பாவுக்கும் அனுப்பிவைத்தாள். அதன் பிறகு வந்த எதற்கும் பதில் சொல்லவில்லை, எதையும் அழிக்கவும் இல்லை. இத்தகைய நேரத்தில் கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அழைப்புகள் நிற்காவிட்டால் அந்தச் செய்தியோடு அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழைத்துக் கேட்கலாம். புகைப்படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.