வரையறைகளைப் பாட வரிசையில் படிக்காதீர்கள்: தேர்வுக்கு முந்தைய நாளுக்கான ஒரு தாள்

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இயற்பியல் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு நீள நோட்டோடு வந்தாள். பதினொரு பாடத்திலிருந்தும் வரையறைகளையும் விதிகளையும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் 64. கூலூம் விதியில் தொடங்கி, பாடம் பாடமாகப் போகிறது. "இதைத்தான் சித்தி கடைசி நாள் முழுக்கப் படிக்கப் போகிறேன்" என்றாள்.

நோட்டைப் புரட்டியதும் ஒன்று கண்ணில் பட்டது. முதல் நான்கு பாடங்களின் பக்க ஓரங்கள் விரல்பட்டு அழுக்காகியிருந்தன. எட்டாம் பாடத்துக்குப் பிறகு காகிதம் புதிதாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் நடுவில் நேரம் தீர்ந்திருக்கிறது. பாட வரிசையில் இருக்கும் எந்தப் பட்டியலுக்கும் இந்தக் கதிதான். நிலைமின்னியல் பத்து முறை படிக்கப்படும், அணுக்கரு இயற்பியல் ஒரு முறை. கேள்வித்தாளோ இரண்டையும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

இது திரும்பத் திரும்ப வீடுகளில் நடப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் அந்த 64 வரையறைகளையும் நாங்கள் எப்படி மாற்றி அடுக்கினோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். கடைசி நாள் தாளை, பழைய கேள்வித்தாள்களில் எது எத்தனை முறை வந்தது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எண்ணுவதில் தவறு செய்தால் அந்த வரிசை பாட வரிசையைவிட மோசமாக ஏமாற்றும். எங்களையும் ஏமாற்றியது.

முதலில் எந்தத் தாள்களை எண்ணுவது? இப்போதைய பிளஸ் டூ புத்தகம் 2019-20 கல்வியாண்டில் வந்தது. ஆகவே 2020 மார்ச் தேர்வுதான் இந்தப் புத்தகத்தின் முதல் பொதுத்தேர்வு. 2019 மார்ச் தாளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதுவும் 70 மதிப்பெண் தாள்தான், பார்க்க இப்போதைய தாளைப் போலவே இருக்கும். ஆனால் கேள்விகள் பழைய புத்தகத்திலிருந்து வந்தவை. 2021இல் பள்ளி மாணவர்களுக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. 2022இல் நடந்தது, ஆனால் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

அவளிடம் பொதுத்தேர்வும் துணைத்தேர்வுமாக ஏழு தாள்கள் இருந்தன. அரையாண்டுத் தாள் ஒன்று, முழுப் பாடத்துக்கும் நடந்த திருப்புதல் தேர்வுத் தாள்கள் இரண்டு, காலாண்டுத் தாள்கள் இரண்டு. ஆக 12. கட்டம் போட்ட நோட்டில் ஒரு வரிக்கு ஒரு வரையறை, ஒரு தாளுக்கு ஒரு நெடுவரிசை. ஒரு தாளைக் கையில் எடுத்தால் அதன் கேள்விகளை முதலிலிருந்து கடைசி வரை படித்து, வரும் வரையறைக்கு நேரே ஒரு கோடு. வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு 12 தாளிலும் தேடக்கூடாது. அப்படித் தேடினால் கண் அந்தச் சொல்லை மட்டும்தான் பார்க்கும், வேறு சொற்களில் கேட்கப்பட்டதைத் தவறவிடும்.

எண்ணி முடித்து மேலே இருக்கும் பத்தைப் பார்த்தோம். ஒன்பது முதல் தொகுதியிலிருந்து, அதாவது முதல் ஐந்து பாடங்களிலிருந்து வந்திருந்தன. இரண்டாம் தொகுதியில் ஆறு பாடங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு மொத்தமாக ஓரிடம். பொதுத்தேர்வுத் தாள் ஒருபோதும் இப்படி ஒருபக்கம் சாய்ந்து வராது. பட்டியல் இப்படிச் சாய்ந்தால் கோளாறு எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

காரணம் காலாண்டுத் தாள்கள். அவற்றில் பின்பாதிப் பாடங்கள் கிடையாது. கூலூம் விதி 12 தாளில் 5 முறை வந்திருந்தது. புருஸ்டர் விதி 4 முறை. புருஸ்டர் விதி காலாண்டில் வரவே வழியில்லை, ஆகவே அதை 12ஆல் வகுக்காமல் 10ஆல் வகுத்தால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தேன். ஆகவில்லை. கூலூம் விதி 12இல் 5 என்று இன்னும் ஒரு மயிரிழை முன்னால்தான் நின்றது. யோசித்தபோதுதான் புரிந்தது. காலாண்டிலும் அதே எண்ணிக்கையில்தான் கேள்விகள் இருக்கின்றன, ஆனால் அவை பாதிப் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. முதல் பாடத்துக்கு அங்கே ஏறக்குறைய இரட்டிப்பு இடம் கிடைக்கிறது. வகுத்தல் அதைச் சரிசெய்யாது. அந்த இரண்டு நெடுவரிசைகளையும் அடித்துவிட்டோம். கூலூம் விதி 10இல் 3 ஆனது. புருஸ்டர் விதி 10இல் 4 என்று மேலே ஏறியது. வரிசை தலைகீழானது.

2022 தாள்கள் இரண்டு இருந்தன. அவற்றை நீக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு எந்தப் பகுதிகள் கழிக்கப்பட்டன என்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கழிக்கப்பட்ட பகுதியின் வரையறைகளுக்கு அந்த இரண்டு கட்டங்களிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டோம். அவற்றுக்கு மொத்தம் 10 அல்ல, 8. "வரவில்லை" என்பதும் "வந்திருக்கவே முடியாது" என்பதும் ஒரே வெற்றுக் கட்டமாக நோட்டில் தெரியக்கூடாது.

அடுத்தது, எதை ஒன்றாக எண்ணுவது, எதைப் பிரிப்பது. அவள் எண்ணியபோது "கியூரி" என்ற ஒரு வரியில் கோடுகள் குவிந்திருந்தன. பிரித்துப் பார்த்தால் அது மூன்று வெவ்வேறு விஷயம். காந்தவியலில் கியூரி விதி, அங்கேயே கியூரி வெப்பநிலை, அணுக்கருப் பாடத்தில் கதிரியக்கத்தின் அலகான கியூரி. ஆம்பியரும் அப்படித்தான். ஆம்பியரின் சுற்று விதி வேறு, ஆம்பியர் என்ற அலகை வரையறுப்பது வேறு. பெயரை எண்ணினால் இப்படி மூன்று பேருக்குக் கிடைத்த ஓட்டு ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "லென்ஸ் விதியைக் கூறுக", "தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் திசையைத் தரும் விதி யாது?" இரண்டும் ஒன்றுதான். அவள் இரண்டாவதை விட்டிருந்தாள். ஐந்து மதிப்பெண் கேள்விக்குள் வரையறை ஒளிந்திருப்பதும் உண்டு. கதிரியக்கச் சிதைவு விதியிலிருந்து அரை ஆயுட்காலத்துக்குக் கோவையைப் பெறச் சொன்னால், அரை ஆயுட்காலம் என்னவென்று எழுதித்தான் விடையைத் தொடங்க வேண்டும். இப்படி வந்தவற்றுக்குக் கோட்டுக்குப் பதில் சிறிய வட்டம் போட்டோம். வட்டத்தைக் கோட்டோடு கூட்டவில்லை. எண்ணிக்கை சமமாக வரும்போது வட்டம் இருப்பது மேலே போகும், அவ்வளவுதான்.

எண்ணிக்கை கையில் வந்ததும் முதல் இடம், இரண்டாம் இடம் என்று 64 வரை எண் போட அவளுக்கு ஆசை. நான் தடுத்தேன். பத்துத் தாளில் ஐந்து முறை வந்ததற்கும் நான்கு முறை வந்ததற்கும் உள்ள வேறுபாடு வெறும் தற்செயலாக இருக்கலாம், அடுத்த ஒரு தாளிலேயே அது மாறிவிடும். ஆகவே கட்டுகளாகப் பிரித்தோம். நான்கும் அதற்கு மேலும் வந்தவை 9. இரண்டு அல்லது மூன்று முறை வந்தவை 17. ஒரே முறை வந்தவை 14. ஒருமுறைகூட வராதவை 24. மொத்தம் 10 வாய்ப்பு இல்லாமல் 8 மட்டும் உள்ளவற்றில் எல்லைக்கோட்டில் நின்றதை ஒரு கட்டு மேலே ஏற்றினோம். இந்தக் கணக்கு அதையும் சேர்த்துத்தான்.

ஒரு கட்டுக்குள் வரிசை எப்படி? அங்கே எண்ணிக்கையை நான் பார்க்க மாட்டேன். நோட்டை மூடிவிட்டு அவளை எழுதச் சொன்னேன். தடுமாறியவை கட்டின் தலைக்குப் போயின, தடங்கலின்றி எழுதியவை கீழே. முதல் கட்டின் ஒன்பதில் மூன்றில்தான் தடுமாறினாள். அந்த மூன்றும் தாளின் முதல் மூன்று வரிகள். அவற்றில் ஒன்று உலோகத்தின் வெளியேற்று ஆற்றல். "எலக்ட்ரானை வெளியேற்றத் தேவைப்படும் ஆற்றல்" என்று எழுதியிருந்தாள். "சிறும ஆற்றல்" என்பதில் உள்ள "சிறும" என்ற சொல்தான் அந்த வரையறையின் உயிர். அது விட்டுப்போனால் வரையறை பாதிதான். தாளில் அந்த ஒரு சொல்லுக்குச் சிவப்புக் கோடு.

ஏ4 தாள் ஒன்று, இரண்டு பக்கம். முன்பக்கத்தில் முதல் கட்டு முழு வாக்கியமாக, அலகோடும் சமன்பாட்டோடும். பின்பக்கத்தில் இரண்டாம் கட்டு நெருக்கமான எழுத்தில். அதன் கீழே மூன்றாம் கட்டுக்குத் தலைப்பும் உயிர்ச் சொல்லும் மட்டும். வராத 24க்கு ஓரத்தில் வெறும் பெயர்கள். பெயரைப் பார்த்ததும் வரையறை மனதில் வர வேண்டும், வராவிட்டால் மட்டும் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

"வராததை ஏன் எழுதுகிறீர்கள், விட்டுவிடலாமே" என்று அக்கா கேட்டார். விடக்கூடாது. பத்துத் தாளில் வராதது பதினொன்றாவதில் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் அது கடைசியில் இருப்பதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு மதிப்பெண் பகுதியில் 16 முதல் 24 வரை ஒன்பது கேள்விகள், ஆறுக்கு விடை தர வேண்டும். 24ஆவது கட்டாயக் கேள்வி, அது பெரும்பாலும் கணக்காகவே இருக்கும். மீதி எட்டில் ஐந்தை எழுதினால் போதும், மூன்றை விடலாம். மூன்று மதிப்பெண் பகுதியும் இதே அமைப்புதான், கட்டாயக் கேள்வி 33ஆவது. யாரும் எதிர்பார்க்காத ஒன்று வந்தால் அந்த மூன்று இடங்கள் தாங்கிக்கொள்ளும். வழக்கமாக வருவதை மறந்து அந்த இடங்களைச் செலவழிப்பதுதான் நஷ்டம்.

கடைகளில் விற்கும் வினாவங்கிகளில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: அந்த நட்சத்திரம் எத்தனை தாளை எண்ணிப் போடப்பட்டது, பழைய புத்தகத் தாளும் அதில் சேர்ந்ததா என்பது அதில் எழுதியிருக்காது. எண்ணிக்கை தெரியாத குறியை நம்பி ஒரு பிள்ளை ஒரு விதியைத் தள்ளிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. எங்கள் முறை பாடத்தை விட்டுவிட்டுப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது என்று ஆசிரியத் தோழி ஒருவர் வருத்தப்பட்டார். அவர் கவலை நியாயமானது. புத்தகத்தை ஒருமுறையாவது முழுமையாகப் படித்த பிள்ளைக்குத்தான் இந்தத் தாள். படிக்காத பிள்ளையின் கையில் அந்த 24 வெறும் பெயர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

எண்ணத் தொடங்கும் முன்பே பொதுத்தேர்வுத் தாள் ஒன்றைப் பிரிக்காமல் தனியே எடுத்து வைத்திருந்தேன். மேலே சொன்ன பன்னிரண்டில் அது சேராது. தாள் தயாரானதும் அதை எடுத்தோம். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் வரையறை கேட்ட கேள்விகள் ஏழு இருந்தன. நான்கு எங்கள் முதல் இரண்டு கட்டுகளில் இருந்தன, இரண்டு மூன்றாம் கட்டில். ஒன்று வராதவற்றின் ஓரத்தில், வெறும் பெயராக. அந்தப் பெயரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நோட்டை எடுத்துப் புதிதாக ஒரு நெடுவரிசை வரைந்து ஏழு கோடுகளையும் அவளே போட்டாள். பிறகு அந்தப் பெயரை ஓரத்தில் அடித்துவிட்டு, மூன்றாம் கட்டின் அடியில் உயிர்ச் சொல்லோடு எழுதினாள்.