மூன்றாவது வரியை யாராவது படித்தீர்களா?

இரண்டு நாளாக எல்லோர் பக்கத்திலும் சுற்றும் அந்த இயற்பியல் விடைத்தாள் படத்தைப் பற்றித்தான். ஒரு கூட்டம் "தமிழ் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது, ஏஐ எழுதியதுதான்" என்கிறது. இன்னொரு கூட்டம் "விடை சரி, படிநிலைகள் இருக்கின்றன, முழு மதிப்பெண் கொடுங்கள்" என்கிறது. மூன்றாவது வரியில் தப்பு இருக்கிறது என்று நான் சொன்னதற்குக் கிடைத்த பட்டம், "பொறாமை பிடித்தவர்". நன்றி.

சுத்தமாக எழுதுவது குற்றமில்லை, அதை வைத்துப் பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள். பார்க்க வேண்டியது தப்பை. தப்பு இருக்கிறதா என்பதைக்கூட அல்ல, அந்தத் தப்பு அடுத்த வரியில் என்ன செய்தது என்பதை.

கணக்கு எளியதுதான். ஒரு திண்மக் கோளம் ஓய்விலிருந்து கிளம்பி, 0.7 மீட்டர் உயரச் சாய்தளத்தில் நழுவாமல் உருண்டு வருகிறது. அடியில் அதன் வேகம் என்ன? உயரத்தின் ஆற்றல் இரண்டாகப் பிரிகிறது: முன்னோக்கி நகரும் ஆற்றல், சுழலும் ஆற்றல். திண்மக் கோளத்துக்கு நிலைமத் திருப்புத்திறன் (2/5)mr². ஆகவே mgh = ½mv² + (1/5)mv², அதாவது v² = 10gh/7. g = 9.8 என்று போட்டால் வேகம் நொடிக்கு 3.13 மீட்டர். தாளில் இருக்கும் விடையும் இதுவே.

இப்போது அந்த மூன்றாவது வரி: "உராய்வு விசை f = μmg cosθ. இது எதிர்வேலை செய்து ஆற்றலைக் குறைக்கிறது." படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கணக்கில் உராய்வுக் கெழு μ கிடையாது, சாய்வுக் கோணம் θ-வும் கிடையாது. நழுவாமல் உருளும்போது தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது, அதனால் நிலை உராய்வு அங்கே மொத்தத்தில் எந்த வேலையும் செய்வதில்லை. μmg cosθ என்பது நிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச வரம்பு. கோளம் உருளத் தேவைப்படுவது (2/7)mg sinθ மட்டும். நழுவும் விளிம்பில்தான் இரண்டும் சமமாகும்.

உடனே ஒருவர் வருவார்: "நகர்வை மட்டும் தனியாக எடுத்தால் உராய்வு எதிர்வேலை செய்கிறது அல்லவா?" செய்கிறது ஐயா, ஒப்புக்கொள்கிறேன். (2/7)mg sinθ-வைச் சாய்தள நீளத்தால் பெருக்கினால் (2/7)mgh. அதைக் கழித்தால் மிஞ்சும் (5/7)mgh நகர்வு ஆற்றல், அதிலிருந்தும் அதே 3.13 வரும். ஆனால் அந்த வழியில் போகிறவர் சுழற்சி ஆற்றலை மறுபடி சமன்பாட்டில் சேர்க்க மாட்டார். இந்தத் தாள் உராய்வு ஆற்றலைக் குறைக்கிறது என்றும் சொல்கிறது, அடுத்த வரியிலேயே mgh முழுவதையும் இரண்டு ஆற்றல்களுக்குப் பங்கு போடுகிறது. குறைந்தது எங்கே போனது?

"மாணவர்களும் எல்லா இடத்திலும் உராய்வுக்கு μN போடுவார்களே!" போடுவார்கள், நிறையப் பேர் போடுவார்கள். போட்டுவிட்டு μ-வின் மதிப்பைத் தேடி வினாத்தாளைப் புரட்டுவார்கள், அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்கள். சுழற்சியை மறந்த பிள்ளைக்கு 3.70 வரும். உள்ளீடற்ற கோளத்தின் 2/3-ஐப் போட்ட பிள்ளைக்கு 2.87 வரும். மனிதர் செய்த தப்பு கடைசி வரி வரை கூடவே நடந்து விடையைக் கெடுக்கும். இந்தத் தாளின் தப்போ வந்த இடத்திலேயே காணாமல் போகிறது. இந்த மாதிரிக் கணக்கில் வழக்கமாக வரும் வாக்கியம் என்பதால் அது அங்கே வந்திருக்கிறது. கணக்குக்கு அது தேவைப்பட்டதால் அல்ல. விடை அதைத் தொடாமல் வேறு வழியில் வந்திருக்கிறது.

"நோட்ஸை மனப்பாடம் செய்த பிள்ளையும், விடையைப் பார்த்துப் பின்னாலிருந்து கட்டிய பிள்ளையும் இப்படித்தான் எழுதுவார்கள்." சரி. அப்படியானால் இது ஏஐ என்பதற்குச் சான்று இல்லை, எழுதியவர் கணக்கைப் போடவில்லை என்பதற்கான அறிகுறி மட்டும். அந்தப் பிள்ளை ஏமாற்றியது என்று நான் எங்கே சொன்னேன்? கூப்பிட்டு, "கோளத்துக்குப் பதில் வளையம் உருண்டால்?" என்று கேளுங்கள் என்றேன். போட்டவருக்கு v² = gh, நொடிக்கு 2.62 மீட்டர் என்று இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். இதைச் சொன்னதற்கா இத்தனை வசவு?

உண்மையில் எனக்குக் கோபம் பிள்ளை மேல் இல்லை. சூத்திரம் இருக்கிறதா, பிரதியிட்டது இருக்கிறதா, விடை இருக்கிறதா என்று மூன்று இடத்தில் டிக் அடித்துவிட்டு நகரும் நம் மேல்தான். மூன்றாவது வரிக்கு மதிப்பெண் இல்லை, அதனால் அதை யாரும் படிப்பதில்லை. படித்தவன் குறை கண்டுபிடிப்பவன் ஆகிறான்.

முழு மதிப்பெண் கேட்டவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அந்த μ-வுக்கும் θ-வுக்கும் ஒரு மதிப்பைக் கொண்டு வாருங்கள். மூன்றாவது வரியை அப்படியே வைத்து, அந்த உராய்வின் வேலையை நான்காவது வரியில் கழித்து, 3.13 வருகிறதா என்று இங்கேயே போட்டுக் காட்டுங்கள்.