போர்டிங் பாஸ் படத்தில் தேதியை மாற்றினால் பார்கோடும் மாறிவிடுமா?

"பார்கோடு இருக்குல்ல, அப்ப ஒரிஜினல்தான். தேதியை மாத்தியிருந்தா பார்கோடு கெட்டுப்போயிருக்கும்."

அப்படி எதுவும் நடக்காது. பார்கோடும் படத்தின் ஒரு பகுதிதான். பக்கத்தில் உள்ள எழுத்தை அழித்து எழுதினால் அது அப்படியே இருக்கும். நமக்கு உதவுவதும் அதுதான்.

சிங்கப்பூர்–சென்னை பாஸ் ஒன்றில் 14 மார்ச் 2025 என்பதை 19 ஆக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிழமையைப் பாருங்கள். 14 வெள்ளி, 19 புதன். தேதியை மட்டும் திருத்தியவர் FRI என்பதை மறந்திருப்பார். அப்புறம் படத்தைப் பெரிதாக்கி, அந்த 9-ஐ விமான எண்ணிலோ இருக்கை எண்ணிலோ உள்ள 9-உடன் ஒப்பிடுங்கள். தடிமன் வேறாக இருக்கும், அல்லது வரியிலிருந்து சற்று மேலே நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் முழுவதும் மங்கலாக இருப்பது சகஜம். அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தால்தான் சந்தேகம். முன்பே அச்சடித்த தலைப்புகளின் எழுத்துரு வேறாக இருப்பதும் தப்பில்லை.

போர்டிங் பாஸ் பார்கோடுக்குள் பெயர், பிஎன்ஆர், விமான எண்ணோடு பயண நாளும் இருக்கும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கில். மார்ச் 14 என்றால் 073, 19 என்றால் 078. போனிலேயே வேலை செய்யும் ஸ்கேனர் செயலியில் 073 வந்தால் அச்சில் உள்ள 19 பொய். படம் மங்கலாக இருந்தால் ஸ்கேன் ஆகாது. அதை மட்டும் வைத்து போலி என்று சொல்லிவிடாதீர்கள், அசல் பிடிஎஃப் கோப்பைக் கேளுங்கள்.