அந்த 5 சதவீதம் எங்கே போனது?

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று இரவு ஒரு நிகழ்தகவுக் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பி, "அத்தை, சரியான்னு பாருங்க" என்றாள். ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்குப் பரிசோதனையில் பாசிட்டிவ் வரும். நோயே இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வந்துவிடும். அப்படியானால், பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

அவள் போட்டது இது:

0.009 / (0.009 + 0.001) = 0.9

பார்த்தால், பாசிட்டிவ் வந்த பிறகு நோய் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட உதவும் பேயஸ் தேற்றம் மாதிரியே இருக்கிறது. அவசரத்தில் நானும் டிக் போட்டிருப்பேன். ஆனால் கேள்வியில் கொடுத்த 90 சதவீதமே விடையாகத் திரும்பி வந்ததுதான் உறுத்தியது. 0.009 என்பது நோய் இருந்து பாசிட்டிவும் வந்தவர்கள், அது சரி. கீழே கூட்டிய அந்த 0.001 யார்? நோய் இருந்தும் நெகட்டிவ் வந்தவர்கள். அங்கே வர வேண்டியவர்கள் பாசிட்டிவ் வந்தவர்கள் அத்தனை பேரும். இவள் நோயாளிகளை மட்டும் கூட்டி வைத்திருக்கிறாள்.

"அந்த 5 சதவீதத்தை 50 ஆக்கினால் உன் விடை மாறுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "மாறாது அத்தை... அதை நான் எங்கேயும் போடவே இல்லை" என்று வந்தது.

சரி, தேற்றத்தை ஓரமாக வை, 10,000 பேரை எடுத்துக்கொள் என்றேன். நோயாளிகள் 100 பேர். அவர்களில் 90 பேருக்குப் பாசிட்டிவ். நோய் இல்லாதவர்கள் 9,900 பேர். அவர்களில் 5 சதவீதம் என்றால் 495 பேர். ஆக, பாசிட்டிவ் சீட்டோடு நிற்பவர்கள் 585 பேர், அதில் நிஜ நோயாளிகள் 90. விடை சுமார் 15 சதவீதம். 5 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரிந்தாலும், அது விழுவது 9,900 பேர் மேல்.

பிள்ளைகள் மட்டும் சறுக்கும் இடமில்லை இது. 1978இல் ஹார்வர்டு மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு நோய், தவறான பாசிட்டிவ் 5 சதவீதம். சுமார் 2 சதவீதம் என்ற சரியான விடையைச் சொன்னவர்கள் 11 பேர்தான். கிட்டத்தட்ட பாதிப் பேர் 95 சதவீதம் என்றார்கள்.

"அப்போ இந்த டெஸ்டே வேஸ்ட்டா அத்தை?" என்றாள். இல்லை. நெகட்டிவ் வந்த 9,415 பேரில் நோயாளிகள் 10 பேர்தான். அதோடு, இந்த 15 சதவீதம் யாரென்று பார்க்காமல் எல்லோரையும் சோதித்தால் வருவது. அறிகுறிகளோடு வருபவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு நோய் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே பரிசோதனையின் பாசிட்டிவ் கிட்டத்தட்ட 89 சதவீதம் உண்மையாக இருக்கும். இதை மட்டும் நான் போட்டுக் காட்டவில்லை, ஆயிரம் பேரை வைத்து அவளையே போடச் சொல்லியிருக்கிறேன்.