ஒரு ருகூஉ கணக்கு

"பஸ் தாமதம், பள்ளிவாசலுக்குப் போனபோது குத்பா முடிந்துவிட்டது. எனக்கு ஜும்ஆ கிடைத்ததா, லுஹர் தொழணுமா?"

குத்பா தவறியதால் மட்டும் ஜும்ஆ போய்விடாது. இமாமுடன் ஒரு ரக்அத் கிடைத்ததா என்பதுதான் கணக்கு. நான் காயல்பட்டினத்துக்காரன், ஷாஃபி மத்ஹபு. எங்கள் சட்டப்படி இரண்டாவது ரக்அத்தின் ருகூஉவில் இமாமுடன் சேர்ந்துவிட்டால் ஜும்ஆ கிடைத்துவிட்டது. அவர் ஸலாம் கொடுத்ததும் எழுந்து ஒரே ஒரு ரக்அத் தொழுதால் போதும்.

போன வருஷம் மேலப்பாளையத்தில் எனக்கும் இதே கதைதான். செருப்பைக் கழற்றி, ஒளு செய்து உள்ளே ஓடினால் இமாம் இரண்டாவது ருகூஉவிலிருந்து நிமிர்ந்துவிட்டார். ஜும்ஆ நிய்யத்தோடுதான் சேர்ந்தேன். ஆனால் அவர் ஸலாம் கொடுத்த பிறகு எழுந்து நான்கு ரக்அத் லுஹராக முடித்தேன். பக்கத்தில் என்னைப் போலவே தாமதமாக வந்தவர் ஹனஃபி. இரண்டு ரக்அத்தில் முடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்! அவர் செய்ததும் சரிதான். ஹனஃபி மத்ஹபில் ஸலாமுக்கு முன் அத்தஹிய்யாத் இருப்பில் சேர்ந்தாலும் ஜும்ஆ கிடைத்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. நம் பக்கத்தில் முதலில் நடக்கும் தமிழ் பயானைத்தான் பலர் குத்பா என்று நினைக்கிறார்கள். இமாம் மிம்பரில் ஏறி, பாங்கு முடிந்ததும் நின்று சொல்வதுதான் முதல் குத்பா. சிறிது உட்கார்ந்து எழுந்து சொல்வது இரண்டாவது. பயான் மட்டும் தவறியிருந்தால் உங்களுக்குக் குத்பா தவறவே இல்லை.