அம்மாவின் தேங்காயும் 0.25 சதவீதமும்

2025 நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம்தான், 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கு தொடங்கியதிலிருந்து இதுதான் மிகக் குறைவு என்றார்கள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எய்யா, இவனுவ எந்த ஊர்லல சாமான் வாங்குதானுவ?"

பொய் சொல்லவில்லை அம்மா, அவர்கள் கூடை வேறு, உன் கூடை வேறு என்றேன். அப்படிச் சொன்னால் விடுகிற ஆளா? சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று அவளுடைய செலவு நோட்டை எடுத்தேன். ரேஷன் கடை முதல் மருந்துக்கடை வரை எல்லாம் அதில் இருக்கும்.

முதலில் நானே ஏமாந்தேன். 2024 அக்டோபரில் தேங்காய்க்கு 720 ரூபாய். 2025 அக்டோபரிலும் அதே 720. விலை ஏறவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தவன், எண்ணிக்கையைப் பார்த்து அடங்கிவிட்டேன். போன வருஷம் 30 ரூபாய் வீதம் 24 காய். இந்த வருஷம் 45 ரூபாய் வீதம் 16 காய். சொதி வைக்கிற நாளைக் குறைத்திருக்கிறாள், துவையலில் பொரிகடலையைக் கூட்டியிருக்கிறாள். விலைக் குறியீட்டு எண் போடுகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாற மாட்டார்கள். நாம் என்ன செலவழித்தோம் என்பது அவர்கள் கேள்வியே இல்லை. அதே கூடையை, அதே அளவில், இன்றைக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் 24 காய்க்கு 1,080 ரூபாய் ஆகும்.

அதே முறையில் மற்றதையும் பார்த்தேன். போன வருஷம் அந்த மாத மொத்தச் செலவு 15,000. அதே சாமான்களின் இன்றைய விலையில் தேங்காய்க்கு 360 ரூபாய் கூடுதல், ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு 200, சுகர், பிரஷர் மாத்திரைக்கு 250, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளத்தில் 500. காய்கறியில் 400, பருப்பில் 100 குறைந்திருக்கிறது. மீதி ஏறக்குறைய அப்படியே. கூட்டிக் கழித்தால் 810 ரூபாய் ஏற்றம், அதாவது 5.4 சதவீதம்.

நாட்டுக்கு 0.25, அம்மாவுக்கு 5.4. எப்படி? எல்லாம் எடை செய்கிற வேலை, அதாவது மொத்தச் செலவில் ஒவ்வொரு சாமானுக்கும் இருக்கிற பங்கு. அம்மாவின் 100 ரூபாயில் 4 ரூபாய் 80 காசு தேங்காய்க்கே போனது. தேங்காய் 50 சதவீதம் ஏறினால் அது ஒன்றே அவள் பணவீக்கத்தில் 2.4 சதவீதப் புள்ளியைச் சேர்த்துவிடும். சமையலில் தேங்காயே விழாத பல மாநிலங்களையும் சேர்த்துப் போட்ட அகில இந்தியக் கூடையில் தேங்காயின் பங்கு மிகச் சிறிது. 100 ரூபாயில் 25 காசு என்று வைத்துக்கொண்டால், அதே ஏற்றம் அங்கே 0.125 புள்ளிதான். அந்தப் பக்கம் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 27 சதவீதத்துக்கு மேல் இறங்கி, எண்ணைக் கீழே இழுத்தது. 2024 அக்டோபரில் காய்கறி தாறுமாறாக ஏறியிருந்ததால் வந்த இறக்கம் அது. நமக்குச் செங்கோட்டை தாண்டினால் கேரளா. தேங்காயும் தேங்காய் எண்ணெயும் எடை கூடிய அந்தக் கூடையில் அதே மாதப் பணவீக்கம் 8.56 சதவீதம்!

எடைகள் வந்த வழியும் ஒன்று உண்டு. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட அகில இந்தியக் கூடையின் பங்குகள் 2011-12-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. எல்லா வீட்டுச் செலவையும் மொத்தமாகக் கூட்டித்தான் பங்கு பிரிக்கிறார்கள். அதனால் மாதம் ஒரு லட்சம் செலவழிக்கிற வீட்டின் பழக்கம், பத்தாயிரம் செலவழிக்கிற வீட்டைப்போலப் பத்து மடங்கு அதில் பேசும். 'சராசரிக் குடும்பம்' என்று சொல்கிறோமே, அது நடுவில் இருக்கிற குடும்பம் இல்லை, கொஞ்சம் வசதியான பக்கம் சாய்ந்தது. 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய குறியீட்டு எண் வரிசைக்கு 2023-24 கணக்கெடுப்பை எடுத்திருக்கிறார்கள். பழைய கூடையில் 45.86 சதவீதமாக இருந்த உணவு, பானங்களின் எடை அதில் குறைந்துவிட்டது. நாடு மொத்தத்துக்கு அது சரியான திருத்தம்தான். சம்பளத்தில் பாதி இன்னமும் அடுப்படிக்கே போகிற வீட்டுக்கும் குறியீட்டு எண்ணுக்கும் இடைவெளி கூடும்.

அம்மா பக்கமும் முழு நியாயம் இல்லை. "எல்லாம் கால்வாசி ஏறிட்டு" என்பது அவள் கணிப்பு. நோட்டு சொன்னது 5.4. வாரம் நாலு தடவை வாங்குகிற தேங்காய் மனசில் நிற்கிறது, தக்காளி இறங்கினது நிற்கவில்லை. எதிர்த்த வீட்டில் ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கிற அரிசியையே பொங்குகிறார்கள். நாளைக்குக் கடையில் அரிசி ஏறினால் குறியீட்டு எண் ஏறும், அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. தப்பு இரண்டு பக்கமும் நடக்கும்.

அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் அவளுக்கு வருகிறது. அதன் அகவிலைப்படி ஏறுவது இன்னொரு கூடையை வைத்து. தொழிற்சாலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கான விலைக் குறியீட்டு எண் அது. மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருக்கிற 71 வயது அம்மாவிடம் அதையும் விளக்கினேன். "அப்போ என் கூடைய எவனும் தூக்கிப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, துருவின தேங்காயில் பாதியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள்.