பம்பைக் காட்டிக்கொடுத்தது வெறும் புள்ளிகள் இல்லை

1854 லண்டன் காலரா கதையைப் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள்: ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வரைபடத்தில் சாவுகளைக் குறித்தார், நடுவில் ஒரு அடிபம்பு இருந்தது, அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது. எனக்கு இந்தச் சுருக்கத்தில் உடன்பாடு இல்லை.

சோஹோ பகுதியில் ஆகஸ்ட் 31 இரவு நோய் வெடித்தது. தண்ணீர் வழியாகத்தான் காலரா பரவுகிறது என்று ஸ்னோ முன்பே எழுதியிருந்தவர். அதனால் பிராட் ஸ்ட்ரீட் பம்பின்மேல் அவருக்கு உடனே சந்தேகம். பதிவாளர் அலுவலகத்தில் 83 சாவுகளின் விவரம் வாங்கிக்கொண்டு நேரில் போனார். ஏறக்குறைய எல்லாமே அந்தப் பம்பின் பக்கத்து வீடுகள். வேறு பம்பு அருகில் இருந்த வீடுகளில் பத்தே சாவு. அந்த வீடுகளில் விசாரித்தால், ஐந்து குடும்பங்கள் இந்தத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று இங்கே ஆள் அனுப்பி எடுத்தவை. இன்னும் மூன்று பேர், இந்தப் பம்பின் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்.

சரி, பம்பைச் சுற்றிச் சாவு குவிந்தால் போதாதா? போதாது. அன்றைக்குக் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பியவர்களும் அதே வரைபடத்தைக் காட்டி, "இங்கேதான் நாற்றம் அதிகம்" என்று சொல்லியிருக்கலாம். அவர்களால் பதில் சொல்ல முடியாதது வேறு. பக்கத்திலேயே 535 பேர் இருந்த ஏழைகள் விடுதியில் ஐந்து பேர்தான் இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு. அதே தெருவின் மதுவடிப்பு ஆலையில் எழுபதுக்கு மேற்பட்ட ஆட்களில் ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர்! எங்கோ ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை மட்டும் இறந்தார். முன்பு குடியிருந்த பிராட் ஸ்ட்ரீட்டின் தண்ணீர் ருசி விடாமல், தினம் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். காற்று அவரை மட்டும் தேடிப் போயிருக்குமா?

நமக்குத் தெரிந்த வரைபடம் பிறகு வந்தது. அதன் அடுத்த வடிவத்தில், எந்த வீட்டுக்கு எந்தப் பம்பு நடந்துபோகக் கிட்டே என்று கணக்குப் பார்த்து ஸ்னோ ஒரு எல்லைக்கோடு போட்டார். வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். காற்று நேராக வரும், தண்ணீருக்குப் போகிறவர்கள் தெருவழியேதான் நடக்க வேண்டும்.

கைப்பிடியைச் செப்டம்பர் 8 அன்று கழற்றினார்கள். அதற்குள் நோய் தணிந்துகொண்டிருந்தது, ஊரே பாதி காலியாகியிருந்தது. ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியானால் கழற்றியது வீணா? இல்லை. முதலில் ஸ்னோவை நம்பாத ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார்தான் பிற்பாடு மூலத்தைக் கண்டுபிடித்தார். பம்பை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் நோயில் கிடந்த கைக்குழந்தையின் துணி அலசிய நீரைத் தாய் மலக்குழியில் ஊற்றியிருந்தார். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை, செங்கல்லும் இற்றுப்போயிருந்தது. அந்தக் குழந்தையின் தகப்பனும் காலராவில் விழுந்தார், கைப்பிடி கழற்றிய அதே செப்டம்பர் 8 அன்று. கைப்பிடி இருந்திருந்தால், அதே குழி வழியாக நோய் மறுபடியும் பரவியிருக்கலாம்.